பூங்கா மண்டபத்தைப் படமாக்க ஒட்டுப்படமா, பிளெண்டரா, கைவரைவா?

தண்டையார்பேட்டையில் மூன்று தெருக்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு பூங்காவில், ஒப்பந்தக்காரர்கள் கசீபோ என்று சொல்லும் நிழல் மண்டபம் ஒன்றைக் கட்டலாம் என்று அத்தெருக்களின் குடியிருப்போர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மண்டபம் பெரிதன்று. வடக்கு தெற்காகப் பதினாறு அடியும், கிழக்கு மேற்காகப் பன்னிரண்டு அடியும் கொண்ட தரை, தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்த மேடை, மேடையிலிருந்து எட்டு அடி உயரத்தில் இறவாரம், நான்கு புறமும் இரண்டடி வெளியே நீளும் கூரை, உள்ளே கிழக்கு விளிம்பை ஒட்டி ஒரு நீண்ட கல் பெஞ்சு. தெற்கே உள்ள கதவிலிருந்து மண்டபத்தின் பக்கவாட்டில் செல்லும் நடைபாதையில் நாற்பது அடிக்கு ஒன்றாக மூன்று விளக்குக் கம்பங்கள். கூட்டத்தில் வைப்பதற்கு, மாலை வெயிலில் மக்கள் அமர்ந்தும் நடந்தும் இருப்பதுபோல் ஒரு படம் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டார்கள். அந்தப் படத்தை எந்த முறையில் செய்வது என்பதை முடிவு செய்யும் முன், எங்களுக்குத் தெரிந்த மூன்று முறைகளையும் எடைபோட்டுப் பார்த்ததன் விவரமே இக்கட்டுரை.

மூன்று முறைகள் இவை. இடத்தின் புகைப்படத்தை எடுத்து அதன்மேல் மண்டபத்தையும் மனிதர்களையும் வெட்டி ஒட்டுவது முதலாவது. இதை ஒட்டுப்படம் என்று குறிப்பிடுகிறேன். எல்லாவற்றையும் பிளெண்டர் என்னும் கணினி மென்பொருளில் முப்பரிமாணமாகக் கட்டி, அதிலிருந்து படமாக ரெண்டர் எடுப்பது இரண்டாவது. பெர்ஸ்பெக்டிவ் போட்டுக் கையால் வரைந்து நீர்வண்ணம் தீட்டுவது மூன்றாவது. எது அழகாக இருக்கும் என்று கேட்டால் மூன்றுமே நல்ல கையில் அழகாகத்தான் இருக்கும். கூட்டத்தில் அமர்ந்திருப்பவர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பெஞ்சு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், வெயில் எங்கே விழும், கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியுமா என்பதே நான் வைத்துப் பார்த்த உரைகல். அதற்குப் படத்தில் இரண்டு செய்திகள் பிழையின்றி இருந்தாக வேண்டும். ஒன்று, ஆட்களும் பொருள்களும் நிற்கும் தூரம். மற்றொன்று, நிழல்.

இந்த உரைகல்லுக்கு நான் வந்தது ஒரு தவறு செய்த பிறகுதான். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பூங்காவுக்கு ஒட்டுப்படம் ஒன்றை நான் செய்து கொடுத்தேன். மண்டபத்தின் உள்ளே மூன்று பெரியவர்கள் நிழலில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோல் ஒட்டியிருந்தேன். கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மண்டபம் கட்டி முடிந்த பிறகு ஒருநாள் ஐந்தேகால் மணிக்கு அங்கே போனபோது பெஞ்சில் ஒருவரும் இல்லை. மண்டபத்தின் பின்பக்கம், தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் காரணத்தைக் கேட்டேன். "அங்க உக்காந்தா மூஞ்சிலயே வெயில் அடிக்குது தம்பி. படத்துல நிழலாத்தான் காட்டுனாங்க" என்றார். படத்தைச் செய்தவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சற்று நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தார். அந்தப் படத்தில் நான் ஒட்டிய மூவரும் காலை வேளையில், வேறு ஊரில், மேகமூட்டத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள்மீது வெயில் இல்லாததால் மண்டபத்தில் வெயில் இல்லை என்று படம் சொல்லிவிட்டது.

ஆகவே நிழலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்த மண்டபத்தின் விதியை அதுதான் முடிவு செய்கிறது. மார்ச் 20-ஐ ஒட்டிய நாளை எடுத்துக்கொள்வோம். வட சென்னையில் அன்று சூரியன் உச்சியைக் கடக்கும் நேரம் ஏறத்தாழ 12 மணி 16 நிமிடம். மாலை 4.45-க்கு அது தொடுவானத்திலிருந்து சுமார் 22 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நேர் மேற்கில் நிற்கும். அந்த உயரத்தில் எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு நீளும். ஐந்தரை அடி மனிதரின் நிழல் பதின்மூன்றரை அடி, பதின்மூன்று அடி விளக்குக் கம்பத்தின் நிழல் முப்பத்திரண்டு அடி. 5.15-க்கு உயரம் 15 பாகையாக இறங்கி, நிழல் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். அரை மணி நேரத்தில் நிகழும் இந்த மாற்றத்தை, மாலை நேரம் என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவதுதான் பெரும்பாலான படங்களின் பிழை.

இப்போது மண்டபத்துக்குள் செல்வோம். கிழக்குப் பெஞ்சில் மேற்கு நோக்கி அமர்ந்திருப்பவரின் முகம் மேடையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் இருக்கும். மேற்குக் கூரையின் விளிம்பிலிருந்து அந்த முகம் பன்னிரண்டரை அடி உள்ளே. கூரை விளிம்பு முகத்தைவிட நான்கடி உயரம். நான்கைப் பன்னிரண்டரையால் வகுத்தால் கிடைக்கும் சரிவு, சூரியன் சுமார் 18 பாகை உயரத்தில் இருப்பதற்குச் சமம். சூரியன் அதற்கு மேலே இருக்கும் வரை முகம் கூரை நிழலில் இருக்கும். கீழே இறங்கியதும் வெயில் இறவாரத்துக்கு அடியில் நுழைந்து நேரே கண்ணில் படும். மார்ச் 20-இல் அது நிகழ்வது 5 மணி தாண்டி மூன்று நான்கு நிமிடங்களில். பூங்காவுக்கு மக்கள் வரத் தொடங்கும் நேரமும் அதுவே. ஆக, 4.45-க்கு எடுத்த படம் பெஞ்சில் இருப்பவரின் மடியிலும் காலிலும் மட்டும் வெயிலைக் காட்டும். 5.15-க்கு எடுத்த படம் அவர் கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மறைப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டும் மாலைப் படங்கள்தாம், இரண்டும் உண்மைதாம்; ஆனால் ஒன்றை மட்டும் காட்டினால் கூட்டம் தவறான முடிவுக்கு வரும்.

இந்தச் சோதனையில் ஒட்டுப்படம் தோற்கிறது. அது தோற்பது கணினி வேலையில் திறமை குறைவதால் அன்று. பின்னணிப் புகைப்படம் ஒரு நேரத்தில் எடுக்கப்பட்டது. ஒட்டும் ஒவ்வொரு மனிதரும் தத்தம் நேரத்தையும் தத்தம் வெயிலையும் சுமந்துகொண்டு வருகிறார். நாமே அதே பூங்காவில், அதே 5.15-க்கு, நமக்குத் தெரிந்தவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்து ஒட்டலாம். அப்படிச் செய்தால் பிழை பாதியாகக் குறையும். ஆனால் இன்னும் கட்டப்படாத மண்டபத்தின் நிழலில் அவர்களை நிற்க வைக்க முடியாது. அந்த நிழலை நாம்தான் ஊகித்துப் பூச வேண்டும். ஊகம் நுழையும் இடம் எதுவோ அதுவே கூட்டத்தார் நம்மிடம் கேட்கும் இடமாகவும் இருப்பதுதான் இம்முறையின் தீராத குறை.

பிளெண்டரில் இந்தக் குறை இல்லை. அதில் `Sun Position` என்றொரு துணைநிரல் உண்டு, 4.2 பதிப்பிலிருந்து அதைத் தனியே இறக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் `Latitude` 13.12 என்றும் `Longitude` 80.29 என்றும் இட்டு, நாளையும் நேரத்தையும் கொடுத்தால் சூரிய விளக்கு தானே உரிய இடத்துக்குப் போய் நின்றுகொள்ளும். இங்கே வழுக்கும் இடங்கள் மூன்று உள்ளன. `UTC Zone` என்ற கட்டத்தில் 5.5 என்று இட வேண்டும். பழக்க தோஷத்தில் 5.30 என்று இட்டால் பன்னிரண்டு நிமிடம் பிழையாகும். `Daylight Savings` என்பது இயக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேரம் தவறிவிடும். மூன்றாவதுதான் அடிக்கடி நேர்வது. வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்பதைச் சரிபார்க்காமல், தாளின் மேல்பக்கமே வடக்கு என்று வைத்துக்கொண்டு மாதிரியைக் கட்டிவிடுகிறோம். தெருக்களோடு ஒட்டி அமைந்த பூங்கா பத்துப் பதினைந்து பாகை திரும்பியிருந்தால் நிழலும் அவ்வளவு திரும்பிவிடும். சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பூங்காவில் இப்போதே நிற்கும் ஒரு கம்பத்தின் நிழலை ஒரு மாலையில் நாடாவால் அளந்து, அதன் முனையில் சுண்ணாம்பால் குறியிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே நாளையும் நேரத்தையும் பிளெண்டரில் இட்டு, அதே உயரமுள்ள கம்பத்தின் நிழல் அங்கேயே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் மேலே ஒரு வேலையும் செய்யக் கூடாது.

கைவரைவிலும் நிழலைச் சரியாகப் போட முடியும். நேர் மேற்கிலிருந்து வெயில், தெற்குக் கதவில் நின்று வடக்கு நோக்கிப் பார்க்கும் பார்வை என்றால் நிழல்கள் யாவும் இடமிருந்து வலமாக, படத்தின் அடிக்கோட்டுக்கு ஏறக்குறைய இணையாக ஓடும். இது வரைபவருக்குக் கிடைக்கும் சலுகை. உயரத்தை இரண்டரையால் பெருக்கி வலப்பக்கம் கோடிட்டால் முடிந்தது. டிசம்பர் 4.45-க்கு வரைய வேண்டுமென்றால் அத்தனை எளிதன்று. அப்போது சூரியன் மேற்கிலிருந்து ஏறத்தாழ 28 பாகை தெற்கே விலகி, 13 பாகை உயரத்தில்தான் இருக்கும். நிழல்கள் நான்கு மடங்குக்கும் மேல் நீண்டு வடகிழக்காகச் சாயும். மே மாதத்தின் பிற்பகுதியிலோ மேற்கிலிருந்து வடக்கே 16 பாகை விலகியிருக்கும். ஆண்டின் மூன்று காலத்துக்கும் படம் கேட்டால், கையால் வரைபவர் மூன்று முறை முதலிலிருந்து வரைய வேண்டும். பிளெண்டர்காரர் நாளை மட்டும் மாற்றுவார்.

இனித் தூரம். இதில் எல்லா முறைகளுக்கும் பொதுவான ஓர் அடிப்படை இருக்கிறது. தரையில் நின்று பார்ப்பவரின் கண் ஐந்தேகால் அடி உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், படத்தின் கண்மட்டக் கோடு, சமதரையில் நிற்கும் ஒவ்வொரு பெரியவரின் கண்ணையோ நெற்றியையோ தொட்டுக்கொண்டுதான் போகும். அவர் இருபது அடியில் நின்றாலும் இருநூறு அடியில் நின்றாலும் அப்படியே. தூரம் கூடக்கூடக் கால்கள் மேலே ஏறுமே தவிரத் தலை கீழே இறங்காது. பதின்மூன்று அடிக் கம்பத்தை அதே கோடு ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் வெட்டும். தரையில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் தலை கோட்டுக்குக் கீழே இருக்கும். சிறு பிள்ளைகளின் தலையும் அப்படியே. மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் தனி. ஒன்றரை அடி மேடையும் நான்கடி முக உயரமும் சேர்ந்து ஐந்தரை அடி ஆவதால், அவர் முகம் வெளியே நிற்பவரின் முகத்துக்கு ஏறக்குறைய நேராக வரும். மண்டபத்துள் நிற்பவர் கோட்டுக்கு மேலே தெரிவார்.

ஒட்டுப்படத்தில் தூரம் எங்கே தவறுகிறது என்பதை இந்த ஒரு கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பின்னால் நிற்பவரைச் சிறிதாக்கி ஒட்டுபவர், அவருடைய காலைத் தரையில் எங்கோ வைத்துவிட்டுத் தலையைக் கவனிக்காமல் விடுவார். தலை கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அவர் குழிக்குள் நிற்கும் ஆளாகவோ குள்ளராகவோ தெரிவார். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ பொம்மைப் பூங்காபோல் இருக்கிறதே என்று மட்டும் சொல்வார். மாடியிலிருந்து எடுத்த புகைப்படத்தில் இருந்தவரை வெட்டி எடுத்தாலும் இதேபோல் நேரும், ஏனெனில் அவருடைய உச்சந்தலை தெரியும். கண்மட்டத்தில் எடுத்த படத்தில் சமதரையில் நிற்கும் பெரியவர் ஒருவரின் உச்சந்தலை தெரிவதற்கு வழியே இல்லை.

லென்சின் தேர்வு இதைவிட நுட்பமாக ஏமாற்றும். 35 மில்லிமீட்டர் லென்சில், பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு அகலம் படத்தில் அடங்கும். கதவிலிருந்து ஐம்பது அடியில் மண்டபம் என்றால் அங்கே ஐம்பது அடி அகலம் தெரியும். கூரையோடு சேர்த்துப் பதினாறு அடியுள்ள மண்டபத்தின் முகப்பு, படத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். 18 மில்லிமீட்டரில் தூரத்தைப்போல் இரு மடங்கு அகலம் அடங்கும். அதனால் இருபத்தைந்தடிக்கு நெருங்கிப் போனாலும் மண்டபம் அதே மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் தெரியும். ஆனால் மண்டபத்தின் முகப்பருகே ஒருவரும், அவருக்கு ஐம்பது அடி பின்னால் மற்றொருவரும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 35-இல் பின்னவர் முன்னவரில் பாதி உயரம் இருப்பார்; 18-இல் மூன்றில் ஒரு பங்காகிவிடுவார். இடம் மாறவில்லை, மனிதர்கள் மாறவில்லை, பூங்கா மட்டும் இரண்டு மடங்கு நீண்டதுபோல் ஆகிவிடுகிறது. மனை விற்பனை விளம்பரங்களில் சிறு புல்வெளி மைதானமாகத் தெரிவதன் சூட்சுமம் இதுதான். மூன்று தெருக்காரர்கள் உட்காரும் இடத்துக்கு அப்படிப் படம் செய்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் கருதுகிறேன். பிளெண்டரில் `Focal Length` கட்டத்தில் 35 என்று இட்டு, கேமராவை ஐந்தேகால் அடி, அதாவது 1.6 மீட்டர் உயரத்தில் சாய்க்காமல் நேராக வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டுமென்றால் `Shift Y`-ஐக் கூட்டிக்கொள்ளலாம். கம்பங்கள் சாய்ந்து தெரியா.

கைவரைவில் தூரம் தவறுவது பெரும்பாலும் விளக்குக் கம்பங்களில்தான். கதவில் நிற்பவருக்கு முதல் கம்பம் முப்பது அடியிலும், மற்றவை எழுபது, நூற்றுப்பத்து அடிகளிலும் இருக்கின்றன. முதல் கம்பத்தைத் தாளில் பத்து சென்டிமீட்டர் உயரமாக வரைந்தால், இரண்டாவது 4.3 சென்டிமீட்டர், மூன்றாவது 2.7 சென்டிமீட்டர். பத்து, ஏழு, நான்கு என்று படிப்படியாக இறங்குவதுபோல் வரையவே கை விரும்பும். ஆனால் முதல் இறக்கம் மிகப் பெரியது, அடுத்தது சிறியது. கணக்குப் போட விரும்பாதவருக்குப் பழைய வழி ஒன்று உண்டு. முதல் இரண்டு கம்பங்களை வரைந்துகொண்டு, இரண்டாவது கம்பத்தின் நடு உயரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து அந்தப் புள்ளி வழியாகச் செல்லும் கோடு, கம்பங்களின் அடிகளை இணைக்கும் தரைக்கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கேதான் மூன்றாவது கம்பம் நிற்கும். நாற்பது அடி இடைவெளி தானாகவே சரியாகிவிடும்.

விளக்கைப் பற்றி இன்னொன்று. மாலை ஐந்து மணிப் படத்தில் விளக்குகளை எரிய வைத்து மஞ்சள் ஒளிவட்டம் போடும் வழக்கம் இருக்கிறது. வெயிலில் அந்த ஒளி தரையில் தெரியவே தெரியாது. கம்பங்களின் இடைவெளி போதுமா என்று கூட்டம் தீர்மானிக்க வேண்டுமென்றால் அதற்கு 6.45 மணிப் படம் தனியாக வேண்டும். இந்தப் படத்தில் கம்பங்கள் அணைந்தே நிற்கட்டும்.

மனிதர்களை எத்தனை பேர், எங்கே என்று வைப்பதில் மட்டும் கைவரைவு மற்ற இரண்டையும் மிஞ்சுகிறது. பிளெண்டருக்குக் கிடைக்கும் ஆயத்த மனிதர்களில் புடவையில் கால் மடித்து உட்கார்ந்திருப்பவரைத் தேடினால் எளிதில் கிடைக்கமாட்டார். கையில் காகிதக் கோப்பையோடு வேகமாக நடக்கும் கோட்டுக்காரர்களே அதிகம். நம் பூங்காவில் ஆறடி பெஞ்சில் அறிமுகமில்லாத இருவர் இரண்டு ஓரங்களில் அமர்வார்கள். நடுவில் மூன்றாமவர் உட்காராமல் கம்பத்தில் சாய்ந்து நிற்பார். தெரிந்த பெண்கள் நால்வர் வந்தால் பெஞ்சு காலியாக இருந்தாலும் மேடையின் விளிம்பில் வட்டமாக உட்கார்வார்கள், முழங்காலுக்கு முழங்கால் இரண்டடி இடைவெளிகூட இருக்காது. நடைப்பயிற்சி செய்பவர்கள் பெஞ்சை ஒட்டி வராமல் பாதையின் மறுகரையில் போவார்கள். இந்த இடைவெளிகளை ஒரு மாலை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வரைபவர்தான் போட முடியும். முகத்தை எவ்வளவு வரைவது என்பதற்கும் அளவு இருக்கிறது. எழுபது எண்பது அடிக்கு அப்பால் நிற்பவரின் முகபாவம் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது, ஆகவே நூறடியில் நிற்பவருக்குச் சிரிப்பு வரையத் தேவையில்லை. அதற்காக அவரை மங்கலாக்கவும் கூடாது. நூற்றைம்பது அடிப் பூங்காவுக்குள் காற்றின் மங்கல் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இராது. பின்னால் நிற்பவரை நீலச் சாம்பலாகத் தீட்டினால் அவர் எண்ணூர் பக்கம் நிற்பவர்போல் ஆகிவிடுவார்.

செலவிடும் நேரம் பற்றிச் சுருக்கமாக: எங்கள் அலுவலகத்தில் ஒட்டுப்படம் ஒரு நாளில் முடியும், முழு ரெண்டர், மரங்களோடும் மனிதர்களோடும், நான்கைந்து நாள் பிடிக்கும், கைவரைவு இரண்டு நாள், ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இன்னொரு நாள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின் நான் தேர்ந்தது முழு ரெண்டரையன்று. மண்டபத்தையும் மேடையையும் பெஞ்சையும் கம்பங்களையும் சுற்றியுள்ள வீடுகளையும் பிளெண்டரில் சாம்பல் நிறப் பெட்டிகளாக மட்டும் கட்டி, ஐந்தரை அடி உயரத்தில் சில குச்சிகளை ஆட்களுக்குப் பதிலாக நட்டு, சூரியனைச் சரியான இடத்தில் நிறுத்தி, இரண்டு நேரங்களுக்கு மங்கலான அச்சு எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அந்த அச்சின்மேல் டிரேசிங் தாளை வைத்து, குச்சிகள் நின்ற இடத்தில் மனிதர்களையும், மரங்களையும், வெயிலையும் கையால் வரைந்து வண்ணம் தீட்டினேன். தூரமும் நிழலும் கணக்கிலிருந்து வந்தன. மனிதர்கள் பார்த்ததிலிருந்து வந்தார்கள். சுற்றியுள்ள வீடுகளை விட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கே இரண்டு மாடி வீடு ஒன்று இருந்தால் சூரியன் மறையும் முன்பே அதன் நிழல் பூங்காவை மூடிவிடும்; அதை மாதிரியில் வைக்காமல் விட்டால் இல்லாத வெயிலைக் காட்டுவோம்.

பார்வைக் கோணத்தைத் தெற்கிலிருந்து வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பார்த்தால் வெயில் நம் முதுகுப்பக்கமிருந்து விழும். எல்லாம் பளிச்சென்று தெரியும், நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அழகான படம், ஆனால் கூட்டத்துக்குத் தேவையான செய்தி மறைந்துவிடும். கிழக்கிலிருந்து பார்த்தால் மனிதர்கள் கருநிழலாகிவிடுவார்கள். தெற்கிலிருந்து பார்க்கும்போதுதான் இடப்பக்கம் வெயிலும் வலப்பக்கம் நிழலும், வெயில் கூரைக்கு அடியில் எவ்வளவு தூரம் நுழைகிறது என்பதும் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

அப்படித் தெரிந்தபோது வந்த யோசனையையும் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கம் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் கட்டினால் வெயில் நின்றுவிடும் என்று கூட்டத்தில் சிலர் நினைத்திருந்தார்கள். முகத்தில் படும் ஒளிக்கதிர், மேற்கு விளிம்பைக் கடக்கும் உயரத்தைக் கணக்கிட்டால், 5 மணி அளவில் மேடையிலிருந்து ஏழே கால் அடிக்குச் சற்று மேலேயும், 5.45-க்கு ஐந்தடி ஐந்தங்குலத்திலும் கடக்கிறது. மூன்றடிச் சுவர் அதைத் தொடவே தொடாது. தடுக்க வேண்டியது ஐந்தடிக்கும் ஏழரை அடிக்கும் இடைப்பட்ட பட்டையை மட்டுமே. இறவாரத்துக்குக் கீழே அந்த உயரத்தில் சிமெண்ட் ஜாலியைத் தொங்கவிட்டால் முகத்தில் வெயில் படாது. வெளியே நடந்துபோகிறவரின் கண்மட்டம் மேடையிலிருந்து மூன்றே முக்கால் அடியில்தான் இருப்பதால், ஜாலிக்கு அடியில் உள்ளே அமர்ந்திருப்பவர்கள் தெருவுக்குத் தெளிவாகத் தெரிவார்கள். பெண்கள் அந்தி நேரத்தில் அங்கே உட்காரத் துணிவது அதைப் பொறுத்தது. கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது, அந்தப் பக்கம் திறந்தே இருக்கிறது. சுவராக இருந்திருந்தால் காற்று முட்டி நின்றிருக்கும். ஜாலியில் அது புகுந்து போய்விடும்.

கூட்டத்துக்கு இரண்டு தாள்களை எடுத்துப் போனேன். ஒரே இடத்திலிருந்து ஒரே பார்வை. ஒன்று ஜாலி இல்லாமல், மற்றொன்று ஜாலியோடு. இரண்டின் கீழேயும் மார்ச் 20, மாலை 5.15, கதவிலிருந்து ஐம்பது அடி என்று எழுதியிருந்தேன். மூன்றாம் தெருவிலிருந்து வந்த ஓர் அம்மா முதல் தாளில் கண்ணை மறைத்தபடி இருந்தவரை விரலால் தொட்டு, "இது நம்ம சாயங்காலம்தான்பா" என்றார். பிறகு இரண்டாவது தாளை அருகே இழுத்து, பெஞ்சின் வடக்கு ஓரத்தில் மே மாதத்தில் வெயில் எப்படி வரும் என்று கேட்டார். மே மாதச் சூரியன் வடமேற்கில் நிற்பதால் ஜாலி அந்த மூலையைத் தாண்டி வடக்குப் பக்கம் ஒரு நான்கடி திரும்ப வேண்டியிருக்கும் என்று நான் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு அந்த மூலையை மட்டும் மே 20-ஆம் தேதிக்கு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.